தூங்கும் முன் போடும் லிமிட் ஆர்டர்: தூர நேர மண்டலத்தில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பங்குச் சந்தை நியூயார்க் நேரப்படி காலை 9:30 மணிக்குத் திறந்து மாலை 4 மணிக்கு முடிகிறது. நியூயார்க்கைவிட 12 மணி நேரம் முன்னால் இருப்பவருக்கு இது இரவு 9:30 முதல் விடியற்காலை 4 மணி வரை. முழு வர்த்தக நேரமும் விழித்திருப்பது நடக்கிற காரியமல்ல. அதனால் பலர் படுக்கப் போகும் முன் ஒரு விலையைப் போட்டு, கூடவே GTC என்பதையும் தேர்ந்தெடுத்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். ரத்து செய்யும்வரை அந்த ஆர்டர் உயிரோடு இருக்கும்.

லிமிட் ஆர்டரில் எல்லோரும் கவனிப்பது விலையை. 104 டாலரில் இருக்கும் பங்கை 100க்கு வந்தால் வாங்கலாம் என்று முடிவெடுக்கிறோம். ஆனால் நீங்கள் தூங்கும்போது அந்த ஆர்டர் என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். "யார் வேண்டுமானாலும் வந்து என்னிடம் 100 டாலருக்கு விற்கலாம், நான் மறுக்க மாட்டேன்" என்று சந்தையில் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். விலை சும்மா ஆடி இறங்கினாலும் அது நிறைவேறும். கெட்ட செய்தி வந்து பங்கு சரிந்தாலும் நிறைவேறும். இரண்டாவது சூழலில் உங்களிடம் விற்பவருக்கு அந்தச் செய்தி தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஆகவே எந்த விலை என்பதோடு, எந்தெந்த மணி நேரங்களில், எந்தெந்தச் செய்திகளுக்கு நடுவே இந்த ஆர்டர் உயிரோடு இருக்கப் போகிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததால் வருபவை.

வழக்கமான நேரத்துக்கு வெளியேயும் ஆர்டரைத் திறந்து வைப்பது

பெரும்பாலான அமெரிக்க நிறுவனங்கள் காலாண்டு முடிவுகளை வர்த்தக நேரத்தில் வெளியிடுவதில்லை. சந்தை திறக்கும் முன்போ மூடிய பிறகோதான் வெளியிடுகின்றன. மூடிய பிறகு வெளியாகும் முடிவு 12 மணி நேரம் முன்னால் இருப்பவருக்கு விடியற்காலை 4 மணிக்கு மேல் வரும். அதற்குப் பிறகும் நியூயார்க்கில் இரவு 8 மணி வரை, அதாவது இங்கே காலை 8 மணி வரை, நீட்டிக்கப்பட்ட நேர வர்த்தகம் நடக்கும்.

சாதாரண ஜிடிசி ஆர்டர் இந்த நேரத்தில் செயல்படாது. ஆனால் தரகரின் செயலியில் நீட்டிக்கப்பட்ட நேரத்திலும் நிறைவேற்றலாம் என்று ஒரு தேர்வு இருக்கும். வாய்ப்பு கூடுமே என்று நினைத்துப் பலர் அதையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம்.

பங்கு 104இல் முடிகிறது. 50 பங்குகளுக்கு 100 டாலரில் வாங்கும் ஆர்டர் நிற்கிறது. உங்கள் நேரம் 4:05க்கு மோசமான முடிவுகள் வெளியாகின்றன. விற்பவர்கள் கிடைத்த விலையில் எல்லாம் விற்கிறார்கள். 103, 101 என்று கீழே வரும் வழியில் உங்கள் 100 டாலர் அவர்கள் கைக்கு எட்டுகிறது. 50 பங்குகளும் 100க்கே வாங்கப்படுகின்றன. சில நிமிடங்களில் விலை 85க்குப் போகிறது. அன்றிரவு சந்தை 82இல் திறக்கிறது. 5,000 டாலர் போட்டது 4,100 ஆகிவிட்டது.

அந்தத் தேர்வு இல்லாமல் இருந்திருந்தால்? ஆர்டர் அந்த வேளையில் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். காலையில் நீங்கள் எழும்போது செய்தி வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அடுத்த வர்த்தகம் தொடங்க இன்னும் 15 மணி நேரத்துக்கு மேல் இருக்கும். முடிவுகளைப் படித்துவிட்டு ஆர்டரை ரத்து செய்யலாம், விலையை மாற்றலாம். மறந்தே விட்டுவிட்டாலும், இரவு திறக்கும்போது 100க்கு அல்ல, 82 அல்லது அதை ஒட்டிய விலைக்குத்தான் வாங்கப்படும். லிமிட் என்பது உச்ச வரம்பு மட்டுமே. ஒரே ஒரு தேர்வு அந்த 50 பங்குகளில் 900 டாலர் வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது. தூர நேர மண்டலத்தில் இருப்பவருக்குச் சந்தை தந்திருக்கும் பெரிய சலுகையே இந்தப் பகல் பொழுதுதான். அதை அந்தத் தேர்வு பறித்துவிடுகிறது. வாங்கும் ஆர்டரில் அதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காலாவதித் தேதியை வீட்டுக் காலண்டர் பார்த்துப் போடுவது

ஜிடிசி வேண்டாம் என்று உணர்ந்தவர்கள் GTD பக்கம் போவார்கள். குறிப்பிட்ட தேதி வரை மட்டும் ஆர்டர் நிற்கும். நல்ல வழிதான், ஆனால் அந்தத் தேதி சந்தையின் தேதி.

மேலே சொன்ன நிறுவனத்தின் முடிவுகள் 16ஆம் தேதி மாலை, நியூயார்க் நேரப்படி, வெளியாகின்றன என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அது 17ஆம் தேதி விடியற்காலை. "17 விடியற்காலை 4 மணிக்குச் சந்தை மூடும், அதோடு ஆர்டரும் போகட்டும்" என்று நினைத்து 17 என்று போடுகிறீர்கள். ஆர்டர் 17ஆம் தேதி வர்த்தகம் முழுவதும், அதாவது உங்கள் 18 விடியற்காலை 4 மணி வரை, உயிரோடு இருக்கும். நீங்கள் விலகி நிற்க விரும்பிய அதே 82 டாலர் திறப்பில் அது போய் நிற்கும். போட வேண்டியது 16.

DAY ஆர்டரிலும் இந்தக் குழப்பம் உண்டு. இரவு 11 மணிக்குப் போட்டால் அது ஓடிக்கொண்டிருக்கும் வர்த்தகத்துக்கு மட்டும். 4 மணிக்குச் செத்துவிடும். காலை 6 மணிக்குப் போட்டால் பெரும்பாலான தரகர்கள் அதை அன்றிரவு தொடங்கும் வர்த்தகத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை காலை போட்டால் திங்கள் இரவுக்குத்தான். இடையில் இரண்டு நாள் செய்திகள் வந்துபோகும்.

இதோடு, மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறும் நவம்பரின் முதல் ஞாயிறும் அமெரிக்காவில் கடிகாரம் மாறும். உங்கள் நாட்டில் அந்த வழக்கம் இல்லையென்றால், குளிர்காலத்தில் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்: திறப்பு 10:30, முடிவு 5 மணி. பத்தரைக்குப் படுப்பவர் கோடையில் முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குகிறார். குளிர்காலத்தில் திறப்பையே பார்க்காமல் தூங்குகிறார். விலை அதிகம் ஆடுவது அந்த முதல் சில நிமிடங்களில்தான் என்பதால், கோடையில் பழகிய அதே விலை இடைவெளியை அப்படியே தொடர்வது சரிவராது.

நடு இரவுச் செய்திகளை விட்டுவிடுவது

காலாண்டு முடிவுகளுக்கு மேலே சொன்ன பகல் சலுகை உண்டு. அமெரிக்கப் பணவீக்க அறிக்கை காலை 8:30க்கு, அதாவது உங்கள் இரவு 8:30க்கு வருகிறது. படுக்கும் முன்பே தெரிந்துவிடும். பெடரல் ரிசர்வின் வட்டி முடிவு அப்படியல்ல. அது பிற்பகல் 2 மணிக்கு வெளியாகி, 2:30க்குச் செய்தியாளர் சந்திப்பு நடக்கும். உங்களுக்கு விடியற்காலை 2 மணி, நல்ல தூக்கம். சந்தையோ திறந்திருக்கிறது. விலை இடைவெளி விட்டுத் தாவாமல் படிப்படியாக இறங்கும், போகிற வழியில் உங்கள் லிமிட்டை எடுத்துக்கொண்டு போகும். இந்தக் கூட்டங்கள் ஆண்டுக்கு 8 முறை, தேதிகள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அந்த இரவுகளில் வாங்கும் ஆர்டர்களை எடுத்துவிட்டுத் தூங்குவதில் இழப்பு பெரிதாக ஒன்றும் இல்லை.

இங்கேதான் இன்னொரு தவறும் ஒட்டிக்கொள்கிறது. கணக்கில் 10,000 டாலர் இருக்கிறது. கடன் வசதியுள்ள மார்ஜின் கணக்கு. நான்கு பங்குகளில் தலா 5,000க்கு வாங்கும் ஆர்டர்கள், நான்கும் இப்போதைய விலையிலிருந்து நான்கு சதவீதம் கீழே. ஏதோ ஒன்றுதான் கிடைக்கும் என்ற எண்ணம். ஆனால் சந்தை மொத்தமாகச் சரியும் இரவில் நான்கும் ஒன்றாகக் கிடைக்கும். காலையில் 20,000க்குப் பங்கு, 10,000 கடன், அதுவும் விழுந்துகொண்டிருக்கும் சந்தையில். தூங்கப் போகும் முன் நிலுவையில் உள்ள வாங்கும் ஆர்டர்கள் அனைத்தையும் கூட்டி, அந்த மொத்தத் தொகைக்கும் சம்மதம் என்றால் மட்டும் விட்டுவையுங்கள்.

போட்ட ஆர்டர் அப்படியே இருக்கும் என்று நம்புவது

நியூயார்க் பங்குச் சந்தை 2016 பிப்ரவரியோடு ஜிடிசி ஆர்டர்களை நேரடியாக ஏற்பதை நிறுத்திவிட்டது. இப்போது தரகர்தான் அதைத் தன் கணினியில் வைத்துக்கொண்டு நடத்துகிறார். எத்தனை நாள் வைத்திருப்பது என்பதும் அவர் விதி. பல தரகர்கள் சில மாதங்களில் தாமாகவே நீக்கிவிடுவார்கள். உங்கள் பாதுகாப்பு விற்பனை ஆர்டர் இன்னும் நிற்கிறது என்று நீங்கள் நினைத்திருக்கும்போது அது இல்லாமலே போயிருக்கலாம்.

விலையும் மாறலாம். பங்கு ஈவுத்தொகை இல்லாமல் வர்த்தகமாகத் தொடங்கும் நாளில், அமெரிக்க விதிப்படி, நிலுவையில் உள்ள வாங்கும் லிமிட்டும், விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் விற்கச் சொல்லும் ஸ்டாப்பும் ஈவுத்தொகை அளவுக்குக் குறைக்கப்படும். 100 என்று போட்டது, ஈவுத்தொகை 60 சென்ட் என்றால், 99.40 ஆகும். குறைக்க வேண்டாம் என்பவர் DNR என்று குறித்திருக்க வேண்டும். விற்கும் லிமிட் குறையாது. 110 என்றால் 110தான். பல பங்குகளைச் சேர்த்து ஒன்றாக்கும் தலைகீழ்ப் பிரிப்பு நடந்தால் ஆர்டரே ரத்தாகும். தரகருக்குத் தரகர் கையாளும் முறையும் வேறுபடும் என்பதால், உங்கள் தரகரின் விதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

விற்கும் பக்கத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வைத்திருக்கும் 50 பங்குகளுக்கு 110இல் லிமிட், 90இல் ஸ்டாப் என்று இரண்டையும் தனித்தனி ஜிடிசியாகப் போடாதீர்கள். தரகரின் கணினி இரண்டாவதைத் தடுக்காவிட்டால், 110இல் விற்ற பிறகும் 90இல் இன்னொன்று காத்திருக்கும். வாரங்கள் கழித்து அது தட்டினால் கையில் இல்லாத பங்கை விற்றதாகிவிடும். ஒன்று நிறைவேறினால் மற்றொன்று ரத்தாகும் OCO முறையில் இணைத்துப் போடுங்கள்.

90இல் ஸ்டாப் போட்ட பங்கு 82இல் திறந்தால் 82ஐ ஒட்டித்தான் விற்கும். அது பிடிக்காமல் 89இல் லிமிட் சேர்த்து ஸ்டாப்-லிமிட்டாகப் போட்டவருக்கு அன்று விற்பனையே நடக்காது. ஆனால் ஆர்டர் செத்திருக்காது. 89இல் விற்பனைக்கு நின்றுகொண்டே இருக்கும். காலையில் நிறைவேறியவற்றின் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. திறந்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலையும் பார்த்தால்தான், ஸ்டாப் தட்டிவிட்டது, பங்கு இன்னும் கையில் இருக்கிறது, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க அன்றைய பகல் முழுவதும் கிடைக்கும்.