சிறுநீரக மாற்றுக்குப் பின் தாய்மை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்பனில் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஒரு கிளினிக்கில் செவிலியாக இருக்கிறேன். சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வரும் தமிழ்ப் பெண்களில் பலருக்குச் சிறுநீரகம் கிடைத்தபின் அடுத்த ஆசை குழந்தைதான். அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்க நான் இதை எழுதவில்லை. இப்படிப்பட்ட முதல் பிரசவம் 1958-இலேயே அமெரிக்காவில் நல்லபடியாக நடந்தது. தாய் ஈடித் ஹெல்ம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் சிறுநீரகம் தந்தவர் அவருடைய இரட்டைச் சகோதரி. எனக்கு ஆற்றாமை எல்லாம், எங்கள் கிளினிக்குகளில் ஒரு காலத்தில் நடந்த அதே தவறுகளைப் புதிதாக வரும் நோயாளிகளும் செவிலியர்களும் இளம் மருத்துவர்களும் திரும்பவும் செய்வதைப் பார்ப்பதில்தான். மாத்திரையை மறப்பது, பரிசோதனைக்கு வராமல் இருப்பது போன்ற எல்லாருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

மாதவிடாய் இல்லை, ஆகவே கரு தங்காது என்று நம்புவது

டயாலிசிஸில் இருந்த காலத்தில் பல பெண்களுக்கு மாதவிடாய் நின்றே போயிருக்கும். புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் கருமுட்டை வெளிவருவது ஓரிரு மாதங்களிலேயே மீண்டுவிடலாம். முதல் மாதவிடாய்க்கு முன்பே கரு தங்கவும் கூடும். மருத்துவமனையை விட்டு வீட்டுக்குப் போகும்போதே கருத்தடை ஏற்பாடு இருக்க வேண்டும். கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சியோ கருப்பையில் வைக்கும் சாதனமோ பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். இரத்த அழுத்தம் இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

ஓராண்டு முடிந்ததா என்று மட்டும் பார்ப்பது

அமெரிக்க வல்லுநர்கள் குறைந்தது ஓராண்டு காத்திருக்கச் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் இரண்டு ஆண்டு என்று சொல்வதுண்டு. ஆனால் நாட்காட்டியில் ஆண்டு திரும்பிவிட்டால் மட்டும் போதாது. கடந்த ஓராண்டில் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும் நிலை வந்திருக்கக் கூடாது. சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வடிகட்டும் கழிவான கிரியாட்டினின் 133 மைக்ரோமோலுக்குக் கீழே, ஏற்ற இறக்கமில்லாமல் இருக்க வேண்டும். சிறுநீரில் புரதம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்க வேண்டும். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து அமைந்த நாள்தான் நல்ல காலம்.

சென்னையில் இருக்கும் உறவினர்கள் தொலைபேசியில், "எனக்கு 1.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றார்களே, உனக்கு ஏன் நூற்றுக்கு மேல்?" என்று கேட்டுப் பயமுறுத்துவதுண்டு. அங்கே மில்லிகிராமில் சொல்லும் 1.5-தான் இங்கே மைக்ரோமோலில் 133.

கரு தங்கியபின் மருந்தை மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பது

இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் நிராகரிப்பைத் தடுக்க மூன்று மருந்துகள் சாப்பிடுகிறார்கள்: டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோன். முதலும் கடைசியும் கர்ப்பத்திலும் தொடரலாம். நடுவில் இருக்கும் மைக்கோஃபினோலேட் கருவுக்கு ஆகவே ஆகாது. கருவின் தொடக்க வாரங்களில் அது உடலில் இருந்த கர்ப்பங்களில் ஏறத்தாழ பாதி கலைந்துபோயிருக்கின்றன. உயிருடன் பிறந்த குழந்தைகளில் சுமார் நான்கில் ஒருவருக்குக் காது மடல் சரியாக உருவாகாதது, உதடும் அண்ணமும் பிளந்திருப்பது, இதயக் கோளாறு போன்ற குறைகள் காணப்பட்டிருக்கின்றன.

இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. மூன்று ஆண்டுகளுக்கு முன் அண்ணனின் சிறுநீரகம் கிடைத்தது. கிரியாட்டினின் 96, சிறுநீரில் புரதம் இல்லை. கருத்தரிக்க இவளைவிடத் தகுதியானவர் கிடைப்பது அரிது. வேறோர் இடத்தில் அவள் விசாரித்தபோது, "இப்போதைக்கு மருந்தைச் சாப்பிடுங்கள், கர்ப்பமானதும் வாருங்கள், மாற்றிவிடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளும் சொன்னபடியே செய்தாள். பரிசோதனைப் பட்டையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, கண்களில் மகிழ்ச்சியோடு எங்களிடம் வந்தாள். "அக்கா, இரண்டு கோடு வந்துவிட்டது" என்றாள். கணக்கிட்டுப் பார்த்தோம், ஏழாவது வாரம் முடிந்திருந்தது.

அந்தப் பட்டை கோடு காட்டும்போதே நான்கு, ஐந்து வாரம் ஆகியிருக்கும். கிளினிக்கில் நாள் வாங்கி வருவதற்குள் இன்னும் இரண்டு, மூன்று வாரம் ஓடிவிடும். முகமும் காதும் இதயமும் உருவாவது சரியாக அந்த வாரங்களில்தான். அன்றே மைக்கோஃபினோலேட்டை நிறுத்தி அசாதியோபிரின் கொடுத்தோம். பத்தாவது வாரத்தில் கரு கலைந்தது. மருந்துதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "கர்ப்பமானதும் வாருங்கள்" என்ற அந்த ஒரு வாக்கியம் இல்லாதிருந்தால், அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு அவள் வீட்டுக்குப் போயிருக்க மாட்டாள்.

மைக்கோஃபினோலேட்டைக் கரு தங்குவதற்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். மருந்து உடலை விட்டு முற்றாக நீங்கட்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றை யாரும் நோயாளிக்கு விளக்குவதில்லை. அசாதியோபிரின் கருவுக்கு ஏற்றது, ஆனால் நிராகரிப்பைத் தடுப்பதில் மைக்கோஃபினோலேட் அளவுக்கு வலுவில்லாதது. புதிய மருந்தைச் சிறுநீரகம் ஏற்கிறதா என்பது சில வாரங்கள் கழித்துத்தான் தெரியும். ஏற்காவிட்டால் சிறுநீரகத்திலிருந்து திசு எடுத்துப் பார்க்க வேண்டும், ஸ்டெராய்டை அதிக அளவில் ஊசியாகப் போட வேண்டும். வயிற்றில் குழந்தை இல்லாதபோது இதையெல்லாம் தயங்காமல் செய்யலாம். குழந்தை வந்தபின் ஒவ்வொரு படியிலும் இரண்டு உயிர்களை எடைபோட வேண்டியிருக்கும்.

அதே பெண் உடலும் மனமும் தேறி மீண்டும் வந்தபோது இப்படிச் செய்தோம். கையில் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டிருந்தது, அதை எடுக்கவில்லை. அறுபது கிலோ எடைக்கு அசாதியோபிரின் நாளுக்கு 100 மில்லிகிராம். அது வெள்ளை அணுக்களைக் குறைக்கக் கூடும் என்பதால் முதல் மாதம் வாரந்தோறும் இரத்தம் எடுத்தோம். கீல்வாதத்துக்கு அல்லோபியூரினால் சாப்பிடுகிறாளா என்று கேட்டுக்கொண்டோம். இரண்டும் சேர்ந்தால் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரியும். இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்ட எனாலாப்ரில் கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதை நிறுத்தி, மெதுவாக வேலை செய்யும் நிஃபெடிபின் கொடுத்தோம். கிரியாட்டினின் ஒருமுறை 101, அடுத்து 99, பிறகு 97. இப்படி மூன்று மாதம் நிலையாக இருந்தபின்தான் குச்சியை எடுத்தோம்.

பயந்துபோய் எல்லா மாத்திரையையும் நிறுத்துவது

ஒருநாளும் கூடாது. எதிர்பாராமல் கரு தங்கிவிட்டால் அன்றே கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். எதை விடுவது, எதைத் தொடர்வது என்று அவர்கள் சொல்வார்கள். எல்லாவற்றையும் நிறுத்தினால் சிறுநீரகம் போகும், அதோடு குழந்தையும் போகும்.

பழைய எண்ணைப் பார்த்து "நார்மல்" என்று சொல்வது

கர்ப்பத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக வடிகட்டும், கிரியாட்டினின் இறங்கும். குச்சியை எடுத்தபின் மீண்டும் கருவுற்ற நம் பெண்ணுக்குப் பதினாறாவது வாரத்தில் அது 78 ஆயிற்று. டாக்ரோலிமஸின் இரத்த அளவும் இறங்கியது. மாத்திரை மாறவில்லை, ஆனாலும் 6.4 இருந்தது 4.2 ஆனது. மாத்திரையைக் காலையும் இரவும் மூன்று மில்லிகிராமிலிருந்து நான்காக உயர்த்தி, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அளவைப் பார்த்துக்கொண்டே வந்தோம். பன்னிரண்டாம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரினும் கொடுத்தோம். கர்ப்பகால இரத்த அழுத்தக் கோளாறை வருமுன் காக்கவே அது.

முப்பத்திரண்டாவது வாரத்தில் கிரியாட்டினின் 96. "கர்ப்பத்துக்கு முன்பு இருந்ததும் இதுதானே" என்று அனுப்பிவிடப் பார்த்தார் ஓர் இளம் மருத்துவர். 78-லிருந்து 96-க்கு ஏறியிருக்கிறது என்று அறிக்கைகளை அடுக்கிக் காட்டினேன். அன்று இரத்த அழுத்தம் 152/98, சிறுநீரில் புரதம். பிரீ-எக்ளாம்ப்சியா, தாயின் அழுத்தம் எகிறி இருவருக்கும் ஆபத்து வரும் நிலை. சிறுநீரக மாற்றுக்குப் பின் கருவுறுபவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இது வருகிறது. பாதிக்குச் சற்றுக் குறைவான குழந்தைகள் மாதம் நிறையாமல் பிறக்கின்றன. நிராகரிப்பும் இதே எண்களைத்தான் காட்டும். ஆகவே டாக்ரோலிமஸ் அளவு, சிறுநீர்க் கிருமி, ஸ்கேன் எல்லாம் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவளை அன்றே வார்டில் சேர்த்தோம். குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்கு ஊசி போட்டார்கள். அழுத்தத்தை மருந்தால் தாங்கிப் பிடித்தும், முப்பத்து நான்காவது வாரத்தில் கல்லீரல் பரிசோதனையும் கெடத் தொடங்கியதால் சிசேரியன் செய்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோ. சில நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மாற்றுச் சிறுநீரகம் இருந்தால் சிசேரியன்தான் என்று நினைப்பது

இல்லை. அது இடுப்பின் ஒரு பக்கத்தில் இருக்கிறது, குழந்தை வரும் வழியை மறைப்பதில்லை. கத்தி வைக்க வேறு காரணம் வேண்டும். அப்படி வைக்கும்போது சிறுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்பது கத்தி பிடிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தை பிறந்ததும் பழைய மருந்துச் சீட்டுக்குத் திரும்புவது

கர்ப்பத்தில் உயர்த்திய டாக்ரோலிமஸைப் பிறந்த சில நாட்களுக்குள் அளவு பார்த்துக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரத்தத்தில் அது எகிறிக் கை நடுங்கும், சிறுநீரகமும் அடிவாங்கும். ஆனால் மைக்கோஃபினோலேட்டுக்கு மட்டும் அவசரப்பட்டுத் திரும்பக் கூடாது. தாய்ப்பால் கொடுக்கும்வரை அசாதியோபிரினே தொடரட்டும். டாக்ரோலிமஸ், பிரெட்னிசோன், அசாதியோபிரின் மூன்றிலும் பாலில் சேர்வது மிகக் குறைவு. "மருந்து சாப்பிடுகிறவள் பால் கொடுக்கக் கூடாது" என்று சொல்லும் அத்தைகளுக்கு நான் இதை நேரிலேயே விளக்குகிறேன். பால் நிறுத்தியபின் மைக்கோஃபினோலேட் மீண்டும் தொடங்குவதானால், தொடங்குவதற்கு முன் ஒரு கர்ப்பப் பரிசோதனை, எட்டிலிருந்து பத்து நாள் கழித்து இன்னொன்று. கருத்தடைக் குச்சி அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.