அதிக மாசம் எப்போது வரும்? தமிழ் மாதப் பிறப்பை வைத்தே கண்டுபிடிக்கும் முறை

நகரியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவனுக்கு இரண்டு பஞ்சாங்கம் இல்லாமல் பிழைப்பு நடக்காது. பெண் வீட்டார் தமிழ், மாப்பிள்ளை வீட்டார் தெலுங்கு என்று வருகிற பத்திரிகைகள் இங்கே நிறைய. 2026 வைகாசியில் தேதி கேட்டு வந்த ஒரு குடும்பத்தில், "வைகாசி முழுக்க முகூர்த்தம் இருக்கு" என்று தமிழ்ப் பக்கம் சொல்ல, "அது அதிக ஜ்யேஷ்டம், அதுல தாலி கட்ட மாட்டோம்" என்று தெலுங்குப் பக்கம் எழுந்து போய்விட்டது. அதிக மாசம் எங்கே விழும் என்று யாரையும் கேட்காமல் நாமே கண்டுபிடிக்க முடியும். அதிலும் தமிழ்க்காரருக்கு இது சுலபம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

திதி, ராசி என்றால் என்ன என்று இங்கே விளக்கப்போவதில்லை. தினக் காலண்டர் கிழிக்கிற எல்லோருக்கும் தெரிந்த அளவே போதும்.

படி 1: நழுவலைக் கண்ணால் பாருங்கள்

தெலுங்கு மாதம் அமாவாசை முடிந்ததும் தொடங்கி அடுத்த அமாவாசையில் முடியும். சராசரியாக 29.53 நாள். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள் சொச்சம். சூரியனை வைத்து எண்ணும் நம் தமிழ் வருஷமோ 365 நாள் சொச்சம். ஆக ஒவ்வொரு வருஷமும் சந்திரக் கணக்கு கிட்டத்தட்ட 11 நாள் முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

உகாதித் தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். 2022இல் ஏப்ரல் 2. 2023இல் மார்ச் 22. அடுத்தது மார்ச் 11 பக்கம் வர வேண்டும் அல்லவா? ஆனால் 2024இல் ஏப்ரல் 9க்குத் தாவியது. பிறகு 2025இல் மார்ச் 30, 2026இல் மார்ச் 19 என்று மறுபடி பின்வாங்கல். 2027இல் மீண்டும் தாவி ஏப்ரல் 7. தாவல் விழுகிற இடத்திலெல்லாம் நடுவில் ஒரு மாதம் கூடுதலாகச் செருகப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

செருகாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரம்ஜானைப் பாருங்கள். இஸ்லாமிய வருஷமும் பன்னிரண்டு சந்திர மாதம்தான், ஆனால் அதில் கூடுதல் மாதம் கிடையாது. அதனால் ரம்ஜான் வெயில், மழை, பனி என்று எல்லாக் காலத்தையும் சுற்றி, ஏறத்தாழ 33 வருஷத்தில் பழைய இடத்துக்கு வரும்.

படி 2: விதி ஒன்றே ஒன்றுதான்

"மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதிக மாசம்" என்று பலர் சொல்வார்கள். அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள். வருஷத்துக்கு 11 நாள் என்றால் ஒரு மாத அளவு சேர 2.7 வருஷம் ஆகிறது, சரி. ஆனால் அது சராசரி. 2018 அதிக ஜ்யேஷ்டத்திலிருந்து 2020 அதிக ஆஸ்வயுஜத்துக்கு 29 சந்திர மாதம். அங்கிருந்து 2023 அதிக ஸ்ராவணத்துக்கு 35 மாதம்.

உண்மையான விதி இது: ஒரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் நடுவில் சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் போகவே இல்லை என்றால், அந்த மாதம் அதிக மாதம். சூரியன் ராசி மாறுவதுதான் சங்கிரமணம். நமக்கு அதுதான் மாதப் பிறப்பு. அதனால்தான் சுலபம் என்றேன். இரண்டு அமாவாசைக்கு நடுவில் எந்தத் தமிழ் மாதமும் பிறக்கவில்லையா? கண்டுபிடித்துவிட்டீர்கள்.

பெயர் வைப்பதும் இதே வழியில்தான். சித்திரை பிறப்பு எந்தச் சந்திர மாதத்துக்குள் விழுகிறதோ அது சைத்ரம். வைகாசி பிறப்பு விழுந்தால் வைசாகம், ஆனிக்கு ஜ்யேஷ்டம், ஆடிக்கு ஆஷாடம், ஆவணிக்கு ஸ்ராவணம். எதுவும் பிறக்காத மாதத்துக்குச் சொந்தப் பெயர் இல்லை. அடுத்த மாதத்தின் பெயரைக் கடன் வாங்கி முன்னால் 'அதிக' என்று ஒட்டிக்கொள்ளும். பின்னால் வருகிற அசல் மாதத்துக்கு 'நிஜ' என்று அடைமொழி.

உகாதி ஏன் எப்போதும் தமிழ்ப் புத்தாண்டுக்கு முன்னாலேயே வருகிறது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. சைத்ரத்துக்குள் சித்திரை 1 விழுந்தாக வேண்டும். 2026 உகாதிக்குப் பிறகு பன்னிரண்டே மாதத்தில் வருஷத்தை முடித்திருந்தால், அடுத்தது 2027 மார்ச் 8 பக்கம் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்திருக்கும். சித்திரை பிறப்பதோ ஏப்ரல் 14. அந்த மாதத்துக்குச் சைத்ரம் என்று பெயர் வைக்க வழியே இல்லை.

படி 3: மணியைப் பாருங்கள், தேதியை அல்ல

ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

குறுக்குவழி ஒன்று உண்டு. ஒரே தமிழ் மாதத்தில் இரண்டு அமாவாசை வந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் மாதப் பிறப்பு இல்லை, ஆகவே அது அதிக மாதம். 2023 ஆடியில் அப்படித்தான்: ஆடி 1 (ஜூலை 17) ஒரு அமாவாசை, ஆடி 31 (ஆகஸ்ட் 16) இன்னொன்று. ஆவணி அதற்குப் பிறகுதான் பிறந்தது. நடுவில் இருந்த முப்பது நாள் அதிக ஸ்ராவணம்.

இதை அப்படியே 2026க்குப் போட்டால் குழப்பம். வைகாசி 1 என்பது மே 15. அமாவாசை மே 16 அன்று. அடுத்த அமாவாசை ஜூன் 14 அன்றே தொடங்கி ஜூன் 15 காலை முடிகிறது. அந்த ஜூன் 15தான் ஆனி 1. அமாவாசையை 15 என்று எடுத்தால் வைகாசிக்குள் ஒரே ஒரு அமாவாசைதான் தெரியும், 'அதிக மாசம் இல்லை' என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

நேரத்தை எடுத்துப் பாருங்கள். மே மாத அமாவாசை முடிவது 17ஆம் தேதி பின்னிரவு 1.30 வாக்கில். ஜூன் அமாவாசை முடிவது 15ஆம் தேதி காலை 8.25 வாக்கில். சூரியன் மிதுனத்துக்குள் நுழைவதோ அன்று மதியம் ஒரு மணி வாக்கில். அமாவாசை முடிந்த பிறகுதான் ஆனி பிறக்கிறது. வைகாசி பிறப்பு மே 15 காலையிலேயே நடந்து முடிந்தது. ஆக மே 17 முதல் ஜூன் 15 காலை வரை எந்தப் பிறப்பும் இல்லை. அது அதிக ஜ்யேஷ்டம். நாலரை மணி நேர இடைவெளியில்தான் இந்தத் தீர்ப்பே நிற்கிறது.

2023லும் இதே மாதிரி ஒரு இடம் இருந்தது. ஜூலை 17 அன்று ஆடிப் பிறப்பு விடியற்காலையில், அமாவாசை முடிந்தது அன்று ராத்திரி நள்ளிரவு தாண்டி. பிறப்பு முன்னால் வந்துவிட்டதால் அது முந்தின மாதமான ஆஷாடத்தின் கணக்கில் சேர்ந்தது.

இன்னொன்று. ராத்திரி சங்கிரமணம் ஆனால் நம் காலண்டரில் மாதம் மறுநாள்தான் பிறக்கும். அதனாலும் 1ஆம் தேதியை மட்டும் பார்த்தால் போதாது.

படி 4: ஒரு தாளில் போட்டுப் பார்ப்பது

எனக்குப் பிடித்தது அச்சுப் பஞ்சாங்கம்தான். தினக் காலண்டரில் சங்கிரமண நேரம் இருக்காது. போன் ஆப்கள் வேகம்தான், ஆனால் எந்த ஊருக்கு, எந்தக் கணிதம் என்று பல ஆப்கள் சொல்வதில்லை. பஞ்சாங்கத்திலிருந்து எடுத்து ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றிவிடுங்கள். A பத்தியில் அமாவாசை முடியும் தேதியும் நேரமும், B பத்தியில் சங்கிரமணத் தேதியும் நேரமும், இரண்டும் 2ஆம் வரியிலிருந்து. C2இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIFS(B$2:B$20,">"&A2,B$2:B$20,"<="&A3)
```

பெரும்பாலும் எல்லா வரியிலும் 1 வரும். 0 வருகிற வரி அதிக மாதம். கடைசி வரியை மட்டும் விட்டுவிடுங்கள், அதற்குக் கீழே அடுத்த அமாவாசை இல்லாததால் விடை தப்பாக இருக்கும். ஆடி, ஆனி மாதிரி நீளமான மாதங்களை ஒட்டி 0 அதிகம் வருவதைக் கவனிப்பீர்கள். அந்தக் காலத்தில் சூரியன் ஒரு ராசியைக் கடக்க 31 நாளுக்கு மேல் ஆகிறது, அதனால் 29.5 நாள் சந்திர மாதம் முழுசாக உள்ளே அடங்கிவிட இடம் கிடைக்கிறது. மார்கழி, தை 29 நாள் சொச்சம்தான், அங்கே இடமே இல்லை.

பின்சேர்க்கை: கேள்வி கேட்டவர்களுக்கு

புத்தூரிலிருந்து ஒரு அக்கா, தன் தாளில் இரண்டு வரியில் 0 வருகிறது என்று எழுதியிருந்தார். அமாவாசை நேரத்தை ஒரு தெலுங்குத் திருக்கணிதப் பஞ்சாங்கத்திலிருந்தும், சங்கிரமணத்தை வாக்கியப் பஞ்சாங்கத்திலிருந்தும் எடுத்திருக்கிறார். இரண்டுக்கும் மணிக்கணக்கில் வேறுபாடு வரும். எந்த முறை சரி என்ற சண்டை வேறு. இரண்டு பத்தியும் ஒரே புத்தகத்திலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

சத்தியவேடு தம்பி ஒருவர், திருமலையில் சில வருஷம் பிரம்மோற்சவம் இரண்டு முறை நடப்பதும் இதனாலா என்று கேட்டார். ஆமாம். 2023இல் செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் நவராத்திரியோடு ஒன்று. அதிக மாசம் வந்த வருஷம் என்பதற்கு நம் பக்கத்து ஊர்களில் எல்லோருக்கும் தெரிகிற அடையாளம் அது.

பழைய வருஷங்களை ஏற்றிப் பார்த்த இன்னொருவருக்கு 1983 ஜனவரி 14க்கும் பிப்ரவரி 13க்கும் நடுவில் 2 வந்திருக்கிறது. தாளில் கோளாறு இல்லை. தைப் பிறப்பும் மாசிப் பிறப்பும் ஒரே சந்திர மாதத்துக்குள் விழுந்துவிட்டன. இதற்கு க்ஷய மாதம் என்று பெயர், ஒரு மாதத்தின் பெயரே அந்த வருஷம் காணாமல் போய்விடும். அப்படி வந்தால் மேலும் கீழும் சில வரிகள் பாருங்கள்: 1982 ஐப்பசிக்கு முன்னால் ஒரு 0, 1983 பங்குனிக்கு முன்னால் ஒரு 0 இருக்கும். இரண்டு கூட்டி ஒன்று கழித்தால், மிச்சம் வழக்கமான ஒரு மாதம்தான்.