கூகுளில் தையல் கடையைக் கண்டுபிடிக்க வைப்பது எப்படி?

மதுரை அண்ணா நகரில் பிளவுஸ் தைக்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் பக்கமான கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில், கடை போர்டில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள். "மதுரையின் சிறந்த தையல் கடை" என்று பெயரோடு ஒட்டினால் பக்கமே முடக்கப்படலாம். முதன்மை வகையாகத் துணிக்கடையைக் காட்டாமல் தையல் கடையையே தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், அண்ணா நகர் சென்னையிலும் இருக்கிறது, திருச்சியிலும் இருக்கிறது. அதனால் பகுதியின் பெயர் மட்டும் போதாது. உங்கள் இணையப் பக்கத்தின் தலைப்பை "ஆரி வேலை பிளவுஸ், மதுரை அண்ணா நகர்: கூலி எவ்வளவு?" என்று ஊரோடு சேர்த்து எழுதுங்கள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் கேட்கும் கேள்விகளே இப்படிப்பட்ட தலைப்புகளுக்குப் போதும்.

வாடிக்கையாளர் தைத்த துணியை வாங்கிப் போன அன்றே ரிவ்யூ லிங்க்கை அனுப்பி, மனதில் பட்டதை எழுதச் சொல்லுங்கள். தள்ளுபடி தந்து ரிவ்யூ வாங்குவது கூகுள் விதிக்கு எதிரானது. கை இறுக்கம் என்று குறை எழுதியவருக்கும் பதில் போடுங்கள், பிரித்துத் தைத்துத் தருவதாக.