ஓட்டுநர் செய்யும் எழுதாத வேலை: ஏஜிவியையும் ஃபோர்க்லிஃப்டையும் ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

கிடங்கில் ஃபோர்க்லிஃப்டுக்குப் பதிலாக, ஓட்டுநர் இல்லாமல் தானே வழியறிந்து செல்லும் ஏஜிவி வண்டிகளை வாங்கலாமா என்ற கேள்வி எழுந்ததும், பெரும்பாலானோர் இரண்டு வண்டிகளின் விவரத்தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கத் தொடங்குகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஃபோர்க்லிஃப்ட் என்பது வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்தது. ஏஜிவி என்பது வண்டி, தரை, சரக்கை அடுக்கும் பலகையான பேலட், மென்பொருள், சார்ஜ் நிலையம் ஆகியவற்றோடு, அது நின்றுபோனால் ஓடிவந்து பார்க்கும் ஓர் ஆளும் சேர்ந்தது. நெகிழ்வு, பாதுகாப்பு, முதலீடு திரும்பும் காலம் ஆகிய மூன்றிலும் கணக்குப் பிசகுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓட்டுநர் நாள் முழுதும் செய்துகொண்டிருந்த, எந்த ஆவணத்திலும் எழுதப்படாத வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டே பார்ப்போம். உற்பத்தி வரிசையின் முடிவிலிருந்து 120 மீட்டர் தொலைவிலுள்ள சேமிப்புப் பகுதிக்கு மணிக்கு 30 பேலட்கள் போக வேண்டும். மூன்று ஷிஃப்ட் வேலை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் இரண்டு ஃபோர்க்லிஃப்டுகள், இரண்டு ஓட்டுநர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வழி, ஒரே வகைச் சரக்கு என்பதால் ஏஜிவிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைப்பது அரிது. ஆனாலும் இதிலேயே கணக்கு மூன்று மடங்கு மாறக்கூடும்.

வேகத்தை விவரத்தாளிலிருந்து எடுப்பது

விவரத்தாளில் ஏஜிவியின் வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்று இருக்கும். போய்வர 240 மீட்டருக்கு 120 நொடி, தூக்கி இறக்க 40 நொடி, ஆக 160 நொடி. மணிக்கு 22 பேலட்களுக்குச் சற்று மேல், எனவே இரண்டு வண்டிகள் போதும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் வளைவுகளிலும் சந்திப்புகளிலும், கதவுகளுக்கு முன்பும் வேகம் குறைவதால் சராசரி 1.2 மீட்டருக்கு அருகில்தான் நிற்கும். பேலட்டின் முன் நிதானமாக நேராகி, ஃபோர்க்கை நுழைத்து, சரக்கு ஏறியதைச் சென்சாரால் உறுதிசெய்து நகர்வதற்கு, எடுக்கும் இடத்தில் 35 நொடியும் இறக்கும் இடத்தில் 35 நொடியும் ஆகும். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 270 நொடி. சார்ஜ் ஏற்றுவதற்கும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் காத்திருப்பதற்கும் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தைக் கழித்தால், ஒரு வண்டி மணிக்கு 11 பேலட்களைக்கூட எட்டாது. தேவைப்படுவது மூன்று வண்டிகள்.

இதே வேலையைச் சராசரியாக நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் ஓடி, தூக்கவும் இறக்கவும் சேர்த்து 40 நொடி எடுத்துக்கொள்ளும் ஃபோர்க்லிஃப்ட் ஒரு சுற்றை 136 நொடியில் முடிக்கும்; இடைவேளைகளைக் கழித்த பின்னும் மணிக்கு ஏறத்தாழ 22.5 பேலட்கள். அதாவது 30 பேலட்களுக்கு 1.33 ஃபோர்க்லிஃப்டின் உழைப்பு போதும். ஆனால் அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். மீதி 0.67 ஆள் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதுதான் இந்த முழு ஒப்பீட்டின் உயிர்நாடி.

நெகிழ்வு என்பதை வழியை மாற்றும் வசதி என்று மட்டும் புரிந்துகொள்வது

“பாதையை மென்பொருளிலேயே மாற்றிவிடலாம், எனவே ஏஜிவி நெகிழ்வானது” என்பார்கள். தரைக்கடியில் கம்பி பதித்த பழைய முறையோடு ஒப்பிட்டால் அது உண்மைதான். லேசர் கொண்டு வழியறியும் வண்டிகளில் புதிய பாதையை வரைந்து, சோதித்து, இயக்கத்துக்கு விடுவது சில நாள் வேலை. ஆனால் கிடங்கில் நெகிழ்வு தேவைப்படுவது பாதை மாறும்போது மட்டுமல்ல, ஒரு பேலட் கோணலாக நிற்கும்போதும்தான்.

நான் பலமுறை கண்ட காட்சி ஒன்று. பேலட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் ஃபிலிமின் வால் ஒட்டாமல் தொங்குகிறது. ஏஜிவி அதைத் தூக்கிக்கொண்டு நகர்ந்ததும், காற்றில் ஆடும் அந்த ஒரு சாண் ஃபிலிம், தடைகளைக் கண்டறியும் ஸ்கேனரின் பார்வைக்குள் வந்துவிடுகிறது. வண்டி அதைத் தடையாகக் கருதி நிற்கிறது. ஃபிலிம் விலகினால் நகர்கிறது, இரண்டு அடி போய் மீண்டும் நிற்கிறது. பின்னால் வந்த இரு வண்டிகளும் வரிசையில் காத்திருக்கின்றன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநராக இருந்திருந்தால் இறங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அப்படி ஒன்று நடந்ததாகவே யாருக்கும் தெரிந்திருக்காது. அடிப்பலகை உடைந்த பேலட், சில சென்டிமீட்டர் விலகி வைக்கப்பட்ட பேலட், ஒரு பக்கம் சரிந்த அடுக்கு ஆகியவையும் அப்படித்தான். ஃபோர்க்கின் நுனியால் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்வது ஓட்டுநருக்குக் கைவந்த கலை. ஏஜிவிக்கு அது பிழைச் செய்தி.

எனவே வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் ஓட்டுநர்களோடு நின்று, பட்டியலில் இல்லாத ஒவ்வொரு செயலையும் குறித்துக்கொள்ள வேண்டும்: காலிப் பேலட் கொண்டுவந்தது, குப்பைத் தொட்டியை நகர்த்தியது, தவறாக ஒட்டிய லேபிளைக் கண்டு திருப்பி அனுப்பியது என எல்லாவற்றையும். மேற்பார்வையாளரிடம் கேட்டு எழுதுவது போதாது, அவருக்கே பாதி தெரியாது. நமது எடுத்துக்காட்டின் 0.67 ஆள் இந்தக் குறிப்பேட்டில்தான் வெளிப்படுவார்.

உச்ச நேரமும் நெகிழ்வின் ஒரு பகுதியே. மணிக்கு 30 என்ற ஓட்டம் ஒருநாள் 45 ஆகும்போது, பக்கத்துப் பிரிவிலிருந்து ஒரு ஃபோர்க்லிஃப்டை அழைத்துக்கொள்ளலாம். மூன்று ஏஜிவிகளின் உச்சம் 32. அதற்கு மேல் அவற்றை விரட்ட முடியாது.

ஏஜிவி வந்தாலே பாதுகாப்பு வந்துவிடும் என்று நம்புவது

ஃபோர்க்லிஃப்ட் ஆபத்தான வண்டிதான். கவிழ்வதும் நடந்துபோகிறவர்மீது மோதுவதும் அதன் உயிரிழப்பு விபத்துகளில் முன்னிற்பவை. ஏஜிவி களைப்படையாது, அவசரப்படாது, வளைவில் வேகமெடுக்காது. இந்த நன்மை உண்மையானது. ஆனால் அதன் கண் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மோதலைத் தடுக்கும் லேசர் ஸ்கேனர் பெரும்பாலும் தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், கிடைமட்டமாக ஒரே ஒரு தளத்தைத்தான் பார்க்கிறது. மனிதரின் கால் அதில் தெரியும். ராக்கிலிருந்து நெஞ்சுயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையோ, அருகில் நிற்கும் ஃபோர்க்லிஃப்ட் இடுப்புயரத்தில் தூக்கி வைத்திருக்கும் ஃபோர்க்கோ தெரியாது. இரண்டு வகை வண்டிகளையும் ஒரே பாதையில் கலந்து ஓட்டுகிறவர்கள், கூடுதல் சென்சார் வைப்பதோ நேரத்தால் பிரிப்பதோ ஏதாவது ஒன்றைச் செய்தே ஆக வேண்டும்.

இன்னொரு தவறு மெதுவாக நிகழ்வது, எனவே மோசமானது. ஓட்டுநரில்லா வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 3691-4 தரநிலை, மனிதர் நசுங்காமலிருக்க வண்டிப் பாதையின் இருபுறமும் அரை மீட்டர் இடைவெளியை எதிர்பார்க்கிறது. முதல் மாதம் அந்த இடம் காலியாக இருக்கும். பிறகு ஒருவர் அங்கே ஒரு பேலட்டை “இப்போதைக்கு” வைப்பார். வண்டி அடிக்கடி நிற்கத் தொடங்கும். உற்பத்தி தாமதமாகிறது என்ற புகார் வந்ததும், பேலட்டை நகர்த்துவதற்குப் பதிலாக ஸ்கேனரின் பாதுகாப்புப் புலத்தை, அதாவது எதுவும் குறுக்கிட்டால் வண்டி நின்றுவிடும் பரப்பை, சுருக்கச் சொல்வார்கள்.

அந்தப் புலத்தின் நீளம் ஒருவரின் விருப்பத்தால் அமைவதல்ல. நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, தடையை உணர்ந்து பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள் 0.3 நொடி கடந்தால் 0.45 மீட்டர் போய்விடும். முழுச் சுமையோடு ஒவ்வொரு நொடியிலும் வேகத்தை நொடிக்கு 0.8 மீட்டர் என்ற அளவில் குறைத்தால் நிற்பதற்கு இன்னும் 1.4 மீட்டர் வேண்டும். மொத்தம் 1.85 மீட்டர், தேய்ந்த பிரேக்குக்கும் ஈரத் தரைக்கும் அதன்மேல் கூடுதல் இடம் விட வேண்டும். இதை 1.2 மீட்டராகச் சுருக்கினால் வண்டி மனிதரைப் பார்க்கும், ஆனால் இடித்த பிறகே நிற்கும். புலத்தைச் சுருக்க வேண்டுமென்றால் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படிச் செய்தால் மேலே போட்ட 270 நொடிக் கணக்கும் மாறிவிடும்.

சேமிப்பை ஆட்களின் எண்ணிக்கையால் நேரடியாகப் பெருக்குவது

ஓர் ஓட்டுநருக்கு ஓராண்டில் ஆகும் முழுச் செலவை 1 என்று கொள்வோம். ஏஜிவி ஒன்றுக்கு 2.5, மென்பொருள், சார்ஜர், நிறுவல் எல்லாம் சேர்ந்து 4 என்று வைத்தால், இரண்டு வண்டிகளுக்கு முதலீடு 9. மூன்று ஷிஃப்டில் ஆறு ஓட்டுநர்களும் குறைவார்கள் என்று 6-ஆல் வகுத்து, ஒன்றரை ஆண்டில் பணம் திரும்பிவிடும் என்று அறிக்கை எழுதப்படும்.

இப்போது உண்மைக் கணக்கு. வண்டிகள் மூன்று, எனவே 7.5, நிறுவல் 4, தரையிலுள்ள பள்ளங்களையும் இணைப்பு மேடுகளையும் சரிசெய்ய 0.5, மொத்தம் 12. குறைவது 1.33 ஆளின் வேலை, மீதி 0.67 வேலை அப்படியே இருக்கிறது, அதோடு நின்றுபோன ஏஜிவியைக் கிளப்பும் வேலையும் சேர்கிறது. மனிதரைப் பின்னமாகக் குறைக்க முடியாது என்பதால் ஷிஃப்டுக்கு ஒருவர்தான் குறைவார், ஆண்டுக்கு 3. ஒரு ஃபோர்க்லிஃப்ட் குறைவதால் 0.3 மிச்சம், ஏஜிவி பராமரிப்புக்கும் மென்பொருள் உரிமத்துக்கும் 0.8 செலவு. நிகரச் சேமிப்பு 2.5, பணம் திரும்ப 4.8 ஆண்டுகள். இது மோசமான முடிவல்ல. ஒன்றரை ஆண்டு என்று நம்பி வாங்கியவருக்குத்தான் மோசமானது. இதே அமைப்பு ஒரே ஷிஃப்டில் ஓடினால், ஆள் சேமிப்பு 1 மட்டுமே, செலவுகள் போக நிகரம் 0.5, திரும்பும் காலம் 24 ஆண்டுகள். வண்டியின் ஆயுளே அதற்குள் முடிந்துவிடும்.

கடைசியாக, செய்ய வேண்டியவற்றை எந்த வரிசையில் செய்வது என்பதிலும் ஒரு தவறு நேர்கிறது. சேமிப்புப் பகுதியின் ஒரு பகுதியை உற்பத்தி வரிசைக்கு அருகே நகர்த்தி 120 மீட்டரை 60 ஆக்க முடியுமென்றால், ஏஜிவியின் சுற்று 170 நொடியாகிறது. மணிக்கு ஏறத்தாழ 17 பேலட்கள், எனவே இரண்டே வண்டிகள் போதும். முதலீடு 9.5 ஆகக் குறைந்து, திரும்பும் காலம் 3.8 ஆண்டுகளுக்கு இறங்குகிறது. ராக்குகளை இடம் மாற்றும் செலவு அந்த ஒரு வண்டியின் விலையைத் தாண்டாதவரை இதுவே இலாபம். ஆனால் மூன்று வண்டிகளை வாங்கி, பாதையை நிறுவி, தரையைச் சரிசெய்த பிறகு ராக்குகளை நகர்த்தலாம் என்ற யோசனை வந்தால், மூன்றாவது வண்டி சார்ஜ் நிலையத்தில் நின்றுகொண்டிருக்கும்.