வெப்சைட் வேலைக்கு முன் ஓனரிடம் விவரம் வாங்க

“வெப்சைட்டின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு எழுதி அனுப்புங்க” என்று கேட்டால், பிஸியான ஓனரிடமிருந்து மாசக்கணக்கில் எதுவும் வராது. எழுதச் சொல்லாதீர்கள், பேச வையுங்கள். முதல் வாரம் அரை மணி நேரம் போனில் பேசி, அனுமதி கேட்டு ரெக்கார்ட் செய்து, நீங்களே எழுதிவிடுங்கள். திருத்தங்களை அவர் வாய்ஸ் மெசேஜில் சொன்னால் போதும்.

இரண்டாம் வாரம் படங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து, முகப்புப் பக்கத்தில் பெரிதாக்கும்போது மங்கித் தெரியும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வாடிக்கையாளர் கருத்துக்கு, ஏற்கெனவே வந்த நன்றி மெசேஜ்களில் 3 ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். பெயரோடு போடலாமா என்று அவர்களிடம் ஓனரே கேட்கட்டும். இந்தப் பதில் வரத்தான் நாளாகும். மூன்றாம் வாரத்தை அதற்கே விடுங்கள். டிசைன் நாலாம் வாரம்தான்.