மோசமான மாதத்தில் முதலீட்டாளருக்கு எப்படி மெயில் எழுதுவது?

நல்ல மாதத்தில் முதலீட்டாளருக்கு மெயில் எழுத யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விற்பனை ஏறியிருக்கும், விரல் தானாக ஓடும். ஏதோ ஒன்று உடைந்துபோன மாதத்தில்தான் மெயில் டிராஃப்டிலேயே கிடக்கும். "அடுத்த வாரம் சரியாகிவிடும், அப்போது சேர்த்து எழுதிக்கொள்ளலாம்" என்று தோன்றும். நானும் ஒருமுறை அப்படி இரண்டு மாதம் தள்ளினேன். பிறகு எங்கள் சிக்கலை எங்கள் முதலீட்டாளர், எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் வாயிலாகவே கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்று அவர் கேட்ட கேள்வி சிக்கலைப் பற்றியதே அல்ல. "வேறு என்னென்ன சொல்லவில்லை?" என்றுதான் கேட்டார்.

அதனால் மோசமான மாதத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைக் காட்டும் கருவி செய்யும் ஒரு சிறு நிறுவனம். ஒரு கருவியின் விலை 3,000. இது கற்பனை நிறுவனம்தான், ஆனால் கணக்கை நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம். செப்டம்பரில் 400 கருவி அனுப்பியிருக்க வேண்டும், 260தான் போனது. கருவிக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெயிலைப் படிக்கும் வரிசை வேறு, எழுதும் வரிசை வேறு. மேலிருந்து கீழாக எழுத ஆரம்பித்தால் "இந்த மாதம் பல சவால்களும் பல வாய்ப்புகளும்" என்றுதான் முதல் வரி வரும். எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள்.

படி 1: வங்கிக் கணக்கைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்

நான்கு எண் போதும்: மாதக் கடைசியில் கையிருப்பு, அந்த மாத வசூல், செலவு, இப்படியே போனால் பணம் எது வரை தாங்கும் என்பது. விற்பனையையும் வசூலையும் கலக்காதீர்கள். பில் போட்டது விற்பனை, வங்கியில் விழுந்தது வசூல். புதிதாக எழுதுகிறவர்களில் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

நம் நிறுவனத்தில் ஆகஸ்ட் கடைசியில் 38 லட்சம் இருந்தது. செப்டம்பரில் வசூல் 8 லட்சம், செலவு 15 லட்சம். ஆக 7 லட்சம் குறைந்து 31 லட்சம் மிச்சம். ஜூலையில் 5 லட்சமும் ஆகஸ்டில் 6 லட்சமும் குறைந்திருந்தன. மூன்று மாதச் சராசரி 6 லட்சம். 31-ஐ ஆறால் வகுத்தால் ஐந்து மாதத்துக்குச் சற்று மேல் வருகிறது. சரி, அதையே எழுதிவிடலாமா?

கூடாது. அந்த 8 லட்ச வசூலில் 2 லட்சம் ஒரு வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம். அதற்கான சரக்கை இனிமேல்தான் செய்து அனுப்ப வேண்டும். அதை விலக்கிப் பார்த்தால் செப்டம்பரில் உண்மையில் குறைந்தது 9 லட்சம். சராசரி 6.7 லட்சமாக ஏறுகிறது, பணம் தாங்குவது நாலரை மாதம். இதை மாதக் கணக்கில் சொல்வதைவிட "பிப்ரவரி நடுப்பகுதி வரை" என்று சொல்லுங்கள். "நாலரை மாதம்" என்பதை டிசம்பரில் யாராவது தேடி எடுத்துப் படித்தால் எதிலிருந்து நாலரை என்று குழம்புவார்கள், தேதி அப்படிக் குழப்பாது. இந்தக் கணக்கை எப்படிப் போட்டீர்களோ, அடுத்த மாதமும் அப்படியே போடுங்கள். மாற்றினால், மாற்றியதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

படி 2: என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"உங்கள் ஆதரவும் வழிகாட்டலும் தேவை" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு உதவி, எந்தத் தேதிக்குள், எந்த மாதிரி ஆளிடமிருந்து என்று எழுத வேண்டும்.

நம் கருவிக்குள் தண்ணீர் இறங்கியதற்குக் காரணம் கேஸ்கெட், அதாவது மூடியின் இடுக்கில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர். அதைக் கொடுக்க நம் நிறுவனத்துக்கு இப்போது இன்னொரு சப்ளையர் தேவை. இந்த உதவியைக் கேட்கும்போது, முதலீட்டாளர் அப்படியே எடுத்து வேறொருவருக்கு ஃபார்வேர்டு செய்யும்படி ஒரு பத்தியைத் தனியாக எழுதிக் கொடுங்கள். அவர் உட்கார்ந்து உங்களைப் பற்றி எழுத வேண்டியிருந்தால் அந்த வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போகும். மறுநாள் வேறு வேலை வந்துவிடும்.

படி 3: சிக்கலை எழுதுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். முதல் டிராஃப்டில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

> சில தரக் காரணங்களால் செப்டம்பர் விநியோகத்தில் சிறு தாமதம் ஏற்பட்டது. எங்கள் குழு தீவிரமாகச் செயல்பட்டு வருகிறது. விரைவில் நிலைமை சீரடையும்.

இதைப் படிக்கிறவர் மனதில் மூன்று கேள்வி எழும்: எத்தனை கருவி, ஏன், எப்போது? மூன்றுக்கும் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தை அவர் தன் பயத்தால் நிரப்பிக்கொள்வார். "சில தரக் காரணங்கள்" என்றால் நூறு கருவி திரும்பி வந்ததாகக்கூட நினைப்பார். உண்மையில் திரும்பி வந்தது 22.

திருத்தி எழுதினால்:

> ஆகஸ்டில் அனுப்பிய 300 கருவிகளில் 22 திரும்பி வந்தன. உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. ஜூலையில் விலை குறைவு என்று கேஸ்கெட் சப்ளையரை மாற்றினோம். அவர் கொடுத்த ரப்பர் நாங்கள் கேட்டதைவிடக் கடினமானது, மூடி சரியாக அழுந்தவில்லை. வந்த சரக்கைச் சோதிக்காமல் விட்டது எங்கள் தவறு. செப்டம்பர் 12 அன்று அனுப்புவதை நிறுத்தி, பழைய சப்ளையரிடம் திரும்பி, 26 அன்று மீண்டும் தொடங்கினோம். இப்போது ஒவ்வொரு கருவியையும் 30 நிமிடம் தண்ணீரில் மூழ்க வைத்துப் பார்த்த பிறகே அனுப்புகிறோம். மீதி 278 கருவிகளுக்கும் அக்டோபர் 31-க்குள் கேஸ்கெட்டை இலவசமாக மாற்றித் தருகிறோம். செலவு 2.5 லட்சம், அக்டோபர் கணக்கில் வரும். எங்கள் பெரிய வாடிக்கையாளர் நவம்பர் ஆர்டரைத் தருவாரா என்று இன்னும் தெரியவில்லை. அக்டோபர் 18 அன்று அவரைச் சந்திக்கிறோம். அன்றே உங்களுக்கு எழுதுகிறேன்.

நீளம் கூடியிருக்கிறது, பரவாயில்லை. மெயிலில் நீளமாக இருக்க உரிமையுள்ள ஒரே பத்தி இதுதான். கடைசி மூன்று வாக்கியங்களைக் கவனியுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்போது தெரியும் என்பதற்கு ஒரு தேதியும் கொடுத்தாகிவிட்டது. வாடிக்கையாளர் பெயரையோ தவறு செய்த ஊழியர் பெயரையோ போடவில்லை. இந்த மெயில் யார் யாருக்கு ஃபார்வேர்டு ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது.

படி 4: முன்னேற்றம், அப்புறம் சப்ஜெக்ட்

முன்னேற்றத்துக்கு இரண்டு வரி போதும். நடந்து முடிந்ததை மட்டும் எழுதுங்கள். "பேச்சுவார்த்தை நடக்கிறது" என்பது முன்னேற்றம் ஆகாது. சப்ஜெக்டைக் கடைசியில் எழுதுங்கள், ஏனென்றால் மெயிலில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் உங்களுக்கே தெரியும். சிக்கலை மறைத்து "செப்டம்பர் சிறப்புச் செய்திகள்" என்று வைத்தால் உள்ளே படிக்கும்போது ஏமாற்றினதுபோல் இருக்கும்.

இப்போது படிக்கும் வரிசையில் அடுக்கினால் மெயில் இப்படி இருக்கும்:

> சப்ஜெக்ட்: செப்டம்பர் நிலவரம் – 400-க்கு 260 அனுப்பினோம், பணம் பிப்ரவரி நடுப்பகுதி வரை, ஓர் உதவி தேவை
>
> வணக்கம்.
>
> கையிருப்பு 31 லட்சம். வசூல் 8 லட்சம் (இதில் 2 லட்சம் முன்பணம்), செலவு 15 லட்சம். முன்பணத்தைக் கழித்துப் பார்த்தால் பணம் பிப்ரவரி நடுப்பகுதி வரை தாங்கும்.
>
> சிக்கல்: (மேலே எழுதிய பத்தி) நிலுவையில் உள்ள 140 கருவிகள் அக்டோபரில் போகும்.
>
> முன்னேற்றம்: செப்டம்பரில் இரண்டு புதிய வாடிக்கையாளர்கள் முதல் ஆர்டர் கொடுத்தார்கள். நிலுவையில் உள்ள 140 கருவிகள் அக்டோபரில் போகும்.
>
> தேவை: ஒரே கேஸ்கெட் சப்ளையரை நம்பியிருக்க விரும்பவில்லை. சிலிக்கோன் கேஸ்கெட் செய்யும் யாரையாவது தெரிந்தால், அக்டோபர் 20-க்குள் அறிமுகம் செய்து வையுங்கள். கீழே உள்ள பத்தியை அப்படியே ஃபார்வேர்டு செய்யலாம்.
>
> "நாங்கள் நீர்மட்டக் கருவி செய்கிறோம். 40 மி.மீ. சிலிக்கோன் கேஸ்கெட் மாதம் 500 தேவை. சோதித்துப் பார்க்க முதலில் 50 வாங்கிக்கொள்கிறோம்."

எண்களை எக்செல் இணைப்பாக அனுப்பாதீர்கள். இதைப் பெரும்பாலும் ஃபோனில்தான் படிப்பார்கள், இணைப்பை யாரும் திறப்பதில்லை. உங்களிடம் பெரும்பங்கு போட்டிருப்பவர் ஒருவர் இருந்தால், இவ்வளவு பெரிய சிக்கலை அவர் மெயிலில் முதன்முதலாகப் படிக்கக் கூடாது. அனுப்புவதற்கு முன்னால் ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.

கடன் கொடுத்தவருக்கு என்றால்

இதே மெயிலைக் கடன் கொடுத்தவருக்கு அப்படியே அனுப்ப முடியாது. முதலீட்டாளருக்கு நீங்கள் பெரிதாக வளர்ந்தால் லாபம். கடன் கொடுத்தவருக்கு நீங்கள் எவ்வளவு வளர்ந்தாலும் வட்டிதான், அதனால் புதிய வாடிக்கையாளர்களைவிடத் தவணை ஒழுங்காக வருமா என்பதையே பார்ப்பார். எழுதும் முன் கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். தவணை தவிர வேறு நிபந்தனைகளும் அதில் இருக்கலாம்.

நம் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் காலாண்டு விற்பனை 30 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். ஜூலையில் 350, ஆகஸ்டில் 300, செப்டம்பரில் 260, மொத்தம் 910 கருவி, 27.3 லட்சம். நிபந்தனை மீறியாகிவிட்டது. தவணையை ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டியிருந்தாலும், பல ஒப்பந்தங்களின்படி இது மீறல்தான். முழுக் கடனையும் உடனே கேட்கும் உரிமைகூட அவர்களுக்கு வரலாம். காலாண்டு அறிக்கையில் அவர்களாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

> எங்கள் ஜூலை–செப்டம்பர் விற்பனை 27.3 லட்சம். ஒப்பந்தப்படி 30 லட்சம் இருக்க வேண்டும். செப்டம்பரில் 14 நாள் சரக்கு அனுப்புவதை நிறுத்தியதால் 140 கருவிகள், அதாவது 4.2 லட்சம், அக்டோபருக்குப் போனது. அக்டோபர் தவணையைக் குறித்த தேதியிலேயே கட்டுகிறோம், கையிருப்பு 31 லட்சம். இந்த ஒரு காலாண்டுக்கு மட்டும் இந்த நிபந்தனையிலிருந்து விலக்கு வேண்டுகிறோம். அக்டோபர் 15-க்குள் எழுத்தில் தர முடியுமா?

தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கையில் 31 லட்சத்தை வைத்துக்கொண்டு அதைக் கேட்டால், சொல்லாத வேறு ஏதோ சிக்கல் இருக்கிறது என்றே நினைப்பார்கள். பதிலுக்கு அவர்கள் ஃபோனில் "அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை இல்லை, பார்த்துக்கொள்ளலாம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு, அன்றே "நீங்கள் ஃபோனில் சொன்னபடி" என்று தொடங்கி ஒரு மெயில் போட்டு, எழுத்தில் உறுதி கேளுங்கள். உங்களிடம் பேசிய அதிகாரி அடுத்த காலாண்டில் அந்த நாற்காலியில் இல்லாமல் போகலாம்.