ஹோட்டல் செலவுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: 7,500 ரூபாய் வரம்பும் கூடுதல் படுக்கையும்

இந்தியாவில் ஹோட்டல் அறை வாடகைக்கான ஜி.எஸ்.டி. இரண்டு அடுக்குகளில் வசூலிக்கப்படுகிறது. ஓர் அறைக்கு ஒரு நாளின் கட்டணம் 7,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதமும், அதைத் தாண்டினால் 18 சதவீதமும் வரி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த விகிதங்கள் நடப்பில் உள்ளன. அதற்கு முன் கீழ் அடுக்குக்கு 12 சதவீதமாக இருந்ததால், இரண்டு அடுக்குகளுக்கும் இடையே 6 புள்ளிகளே வித்தியாசம் இருந்தது. இப்போது அது 13 புள்ளிகளாக விரிந்திருக்கிறது. முன்பு சில நூறு ரூபாயோடு முடிந்த கணக்குப் பிழை இன்று சில ஆயிரம் ரூபாய் வரை போகக்கூடும் என்பதால், பயணத்துக்குப் பணம் ஒதுக்கும்போது இந்த வரம்பைச் சுற்றி நேரும் தவறுகளைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

முதல் தவறு, வருமான வரியின் அடுக்குகளைப் போலவே இதையும் நினைத்துக்கொள்வது. வருமான வரியில் ஒவ்வொரு அடுக்கிலும் விழும் பகுதிக்கு மட்டுமே அந்த அடுக்கின் விகிதம் பொருந்தும். ஹோட்டல் அறைக்கு அப்படி இல்லை. வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டுமல்லாமல், அன்றைய அறைக் கட்டணம் முழுவதற்கும் 18 சதவீதம் விதிக்கப்படும். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875 ரூபாய் ஆகிறது. 7,501 ரூபாய் அறைக்கு 8,851 ரூபாய் 18 காசு ஆகிறது. ஒரே ஒரு ரூபாய் கூடியதால் செலவு ஏறத்தாழ 976 ரூபாய் உயர்கிறது. ஆகவே வரம்புக்கு அருகில் இருக்கும் அறைகளுக்குத் தோராயக் கணக்கு போதாது.

அடுத்த தவறு கூடுதல் படுக்கையைப் பற்றியது, அதிகம் பேர் தடுக்கி விழுவதும் இங்கேதான். அறை 7,200 ரூபாய், கூடுதல் படுக்கை 1,200 ரூபாய் என்று விலைப்பட்டியலில் தனித்தனியாக இருப்பதால், அறை 5 சதவீத அடுக்குக்குள் வருகிறது என்றும் படுக்கைக்கும் அதே 5 சதவீதம்தான் என்றும் கணக்கிடத் தோன்றும். ஆனால் கூடுதல் படுக்கை அந்த அறையில் தங்குவதற்கான கட்டணத்தின் ஒரு பகுதி என்பதால், இரண்டையும் கூட்டிய 8,400 ரூபாயை வைத்தே வரம்பைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அறையும் படுக்கையும் சேர்ந்தே 18 சதவீதத்துக்குப் போய்விடுகின்றன. 2018 தொடக்கத்தில் வெளியான ஒரு விளக்கம் அறிவிக்கப்பட்ட அறை வாடகையை மட்டும் வைத்து விகிதத்தை முடிவு செய்யச் சொன்னது. இணையத்தில் அதைப் பார்த்துவிட்டுச் சிலர் குழம்புவதுண்டு. 2018 ஜூலை இறுதியிலிருந்து விகிதத்தைத் தீர்மானிப்பது அறிவிக்கப்பட்ட வாடகை அல்ல, உண்மையில் வசூலிக்கப்படும் தொகை. வரவேற்பறையில் மாட்டியிருக்கும் விலைப்பலகையை வைத்து வரி கணக்கிடுவதும் அதனால்தான் தவறாகிறது.

வசூலிக்கப்படும் தொகையே அடிப்படை என்பதால்தான் முன்பதிவுத் தள்ளுபடிக்கு இவ்வளவு வலு. முழுப் பணத்தையும் முன்கூட்டியே செலுத்துபவருக்கு ஹோட்டல் ஒரு தள்ளுபடியைக் கொடுத்து, அதை ரசீதிலும் காட்டினால், அந்தத் தொகை வரிக்குரிய மதிப்பிலிருந்து கழிக்கப்படும். மேலே சொன்ன அறைக்கு, படுக்கையையும் சேர்த்து, 12 சதவீதத் தள்ளுபடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8,400 ரூபாய் 7,392 ரூபாயாகக் குறைகிறது. வரம்புக்குக் கீழே வந்துவிட்டதால் வரி 5 சதவீதம், அதாவது 369 ரூபாய் 60 காசு. ஓர் இரவுக்கு 7,761 ரூபாய் 60 காசு, மூன்று இரவுகளுக்கு 23,284 ரூபாய் 80 காசு. தள்ளுபடி இல்லாமல் அதே மூன்று இரவுகளுக்கு 29,736 ரூபாய் ஆகியிருக்கும். விளம்பரத்தில் 12 சதவீதம் என்று இருந்த தள்ளுபடி, வரி குறைந்ததையும் சேர்த்துப் பார்த்தால் 21 சதவீதத்துக்கும் மேலான சேமிப்பாகிறது.

ஆனால் இந்தத் தள்ளுபடி எதன் மீது கொடுக்கப்படுகிறது என்று பார்க்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு என்பேன். ‘அறை வாடகையில் 12 சதவீதம் தள்ளுபடி’ என்று நிபந்தனையில் எழுதியிருந்தால், படுக்கைக்குத் தள்ளுபடி கிடையாது. அப்போது 7,200 ரூபாய் 6,336 ரூபாயாகிறது. அதோடு படுக்கையின் 1,200 ரூபாயைக் கூட்டினால் 7,536 ரூபாய். வரம்பை 36 ரூபாய் தாண்டிவிட்டது. வரி 18 சதவீதமாகி, ஓர் இரவுக்கு 8,892 ரூபாய் 48 காசு, மூன்று இரவுகளுக்கு 26,677 ரூபாய் 44 காசு செலுத்த வேண்டியிருக்கும். தள்ளுபடியில் இழந்தது ஓர் இரவுக்கு 144 ரூபாய் மட்டுமே. மொத்தச் செலவில் இழந்ததோ ஓர் இரவுக்கு 1,130 ரூபாய்க்கும் மேல். பணம் செலுத்துவதற்கு முன், தள்ளுபடி படுக்கைக்கும் பொருந்துமா என்று ஹோட்டலிடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது இதனால்தான் முக்கியம்.

தள்ளுபடியை யார் கொடுக்கிறார்கள் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். ஹோட்டல் தன் விலையைக் குறைத்தால்தான் வரிக்குரிய மதிப்பு குறையும். வங்கி அட்டைச் சலுகையோ, பிறகு கணக்கில் திரும்ப வரும் கேஷ்பேக்கோ, முன்பதிவுத் தளம் தன் கையிலிருந்து ஏற்கும் கூப்பனோ ஹோட்டலுக்குச் சேர வேண்டிய தொகையைக் குறைப்பதில்லை; வாடிக்கையாளர் தராத பங்கை வேறொருவர் தருகிறார், அவ்வளவுதான். அதே 12 சதவீதம், வரி சேராத 25,200 ரூபாயின் மீது கேஷ்பேக்காகக் கிடைத்தால், 29,736 ரூபாய் செலுத்திவிட்டு 3,024 ரூபாயைத் திரும்பப் பெறுவோம்; நிகரச் செலவு 26,712 ரூபாய். ஹோட்டலின் நேரடித் தள்ளுபடியோடு ஒப்பிட்டால் 3,427 ரூபாய் கூடுதல், இரண்டுக்கும் விளம்பர வாசகம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தாலும்.

தள்ளுபடியை வரிக்கு முன் கழிப்பதா பின் கழிப்பதா என்ற கேள்வியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சதவீதத் தள்ளுபடியாக இருந்து, கழிப்பதற்கு முன்னும் பின்னும் கட்டணம் ஒரே அடுக்கில் இருந்தால், எந்த வரிசையில் கணக்கிட்டாலும் விடை ஒன்றுதான். தள்ளுபடி கட்டணத்தை வரம்புக்குக் கீழே இறக்கும்போதுதான் வரிசை மாறினால் விடையும் மாறுகிறது. வரி சேர்ந்த 29,736 ரூபாயிலிருந்து நேராக 12 சதவீதத்தைக் கழித்தால் 26,167 ரூபாய் 68 காசு வரும். அடுக்கு மாறியதை இந்தக் கணக்கு கவனிக்கவே இல்லை. ஆயிரம் ரூபாய் குறைப்பு என்பது போன்ற நிலையான தொகைத் தள்ளுபடியில், அடுக்கு மாறாவிட்டாலும், வரிக்கு முன் கழிப்பதே வாடிக்கையாளருக்கு லாபம்.

வார இறுதியில் வாடகை கூடும் ஹோட்டல்களில் இன்னொரு பிழை நுழைகிறது. வரம்பு ஒரு நாளுக்கானது என்பதை மறந்துவிட்டு, மொத்தத் தொகையை இரவுகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி பார்க்கிறார்கள். மேற்சொன்ன மூன்று இரவுகளில் சனிக்கிழமை மட்டும் அறை 8,000 ரூபாய் என்றால், படுக்கையைச் சேர்த்து, அனைத்துக்கும் 12 சதவீதம் கழித்த பின் அன்றைய கட்டணம் 8,096 ரூபாய். அந்த ஓர் இரவுக்கு மட்டும் 18 சதவீத வரியோடு 9,553 ரூபாய் 28 காசு. மற்ற இரண்டு இரவுகளும் 5 சதவீதத்திலேயே நிற்கும். மொத்தம் 25,076 ரூபாய் 48 காசு. சராசரி போட்டால் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 7,627 ரூபாய் என்று வந்து, மூன்று இரவுகளுக்கும் 18 சதவீதம் விழுந்து, 26,998 ரூபாய் 40 காசு என்ற தவறான விடை கிடைக்கும். வேறு விலைகளில் இதே சராசரி எதிர்த் திசையில் ஏமாற்றி, செலவைக் குறைத்துக் காட்டவும் கூடும்.

கணக்கு சரிதானா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. 5 சதவீத அடுக்கில் ஓர் இரவுக்கு வரியோடு வரக்கூடிய உச்சத் தொகை 7,875 ரூபாய்; 18 சதவீத அடுக்கிலோ தொகை 8,850 ரூபாய்க்கு மேல்தான் தொடங்க முடியும். எனவே உணவு போன்ற வேறு கட்டணம் எதுவும் கலக்காமலும், மூன்றாம் தரப்புச் சலுகை எதுவும் கழிக்கப்படாமலும் இருந்தால், வரி சேர்ந்த ஓர் இரவுச் செலவு 7,875 ரூபாய்க்கும் 8,850 ரூபாய்க்கும் இடையில் வரவே முடியாது. உங்கள் விடையோ ஹோட்டலின் ரசீதோ அந்த இடைவெளியில் விழுந்தால், எங்கோ விகிதம் மாறிப் போயிருக்கிறது. படுக்கைக்கு ஒரு விகிதமும் அறைக்கு வேறொரு விகிதமும் போடப்பட்டதா, அல்லது பழைய 12 சதவீதம் இன்னும் மென்பொருளில் இருக்கிறதா என்று அப்போது கேட்கலாம். ரசீதில் மத்திய வரி, மாநில வரி என இரண்டு வரிகளாகப் பிரித்துக் காட்டுவார்கள் என்பதால், 2.5 அல்லது 9 என்ற எண்ணை முழு விகிதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

வரம்பு ஓர் அறைக்கானது என்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். முன்பணத் தள்ளுபடி கிடைக்காத நாளில், 7,200 ரூபாய் அறையும் கூடுதல் படுக்கையும் வரியோடு ஓர் இரவுக்கு 9,912 ரூபாய் ஆகின்றன. அதே ஹோட்டலில் 4,500 ரூபாய்க்குச் சிறிய அறைகள் இருந்தால், அப்படி இரண்டு அறைகளின் வாடகை 9,000 ரூபாய். ஒவ்வொன்றும் தனித்தனியாக 5 சதவீத அடுக்கில் நிற்பதால் வரியோடு 9,450 ரூபாய். மூன்றாவது நபருக்காகப் படுக்கை கேட்பதற்கு முன், இந்த இரண்டாவது விலையையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யலாம்.